பூட்டிய கடைக்கும் வாடகை

அரியலூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த கண்ணையனுக்கு, கொடுத்து வைத்த பணம் எப்படியும் கைக்குத் திரும்பும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கடை பிடித்தபோது கட்டிட உரிமையாளர் முத்தாயியிடம் கொடுத்த இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸை, ஒவ்வொரு புதுக்கணக்கிலும் சொத்துப் பக்கத்தில் முதலில் எழுதுவார்.

மனைவி மலர்கொடி இறந்ததும் கடையைப் பூட்டினார். அவள் உட்கார்ந்து சில்லறை கொடுத்த முக்காலியைப் பார்க்கும் தெம்பு இல்லை. பத்து மாதம் கழித்து, பெரம்பலூரில் ஒரு சின்னக் கடையைப் பேசி முடித்தார். இந்த அட்வான்ஸை வாங்கி அங்கே கட்ட வேண்டும். சரக்கை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியை நீட்டினார்.

"அட்வான்ஸ், அக்கா..."

முத்தாயி தயங்கினாள். "மாசம் எரநூறு, பத்து மாசம் வாடகை வரலியே தம்பி. அட்வான்ஸ்ல கழிஞ்சு போச்சு. துக்க வூட்டுல போயி எப்படிக் கேக்கறதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

"கடை பூட்டித்தானே இருந்துச்சு."

"சாவி ஒங்கிட்டதானே இருந்துச்சு? வேற ஆளுக்கு எப்படி விடுவேன்? வெள்ளையடிக்கிற காச நா பாத்துக்கறேன்."

அவள் சொன்னது நியாயம்தான். அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வண்டியின் பின்னால் ஏறி, கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்து, வாடகைச் செலவு இரண்டாயிரம் என்று எழுதி, அட்வான்ஸை நேர் செய்தார். சொத்துப் பக்கத்தில் இப்போது பாத்திரங்கள் மட்டுமே இருந்தன.

"பெரம்பலூருதானுங்களே?" என்றார் வண்டிக்காரர்.

கண்ணையன் சரக்கோடு ஏற்றியிருந்த அந்த முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல. வூட்டுக்கே ஓட்டுங்க."