றிவலுத்தாத்தா

1993 – 9,600,000 லீரா – 4,957.99 யூரோ – 11,155.48
1994 – 10,200,000 லீரா – 5,267.86 யூரோ – 11,431.26
1995 – 10,800,000 லீரா – 5,577.73 யூரோ – 11,490.12
1996 – 11,400,000 லீரா – 5,887.61 யூரோ – 11,657.47
23.05.2025 – வித்தியாசம், நான்கு வருடம் – 24,043.14

முதல் தொகைகள் சோதிலிங்கத்தின் கொப்பியில் இருந்தவை. கடைசித் தொகைகள் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்த தாளில் இருந்தவை. வித்தியாசத்தை அவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று முறை கூட்டிப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே தொகைதான். சனிக்கிழமை காலை அவர் அகஸ்ரினின் மூக்கை உடைத்தார்.

சோதிலிங்கம் தொண்ணூறில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தவர். முதல் மூன்று வருடம் பதிவில்லாத வேலை. தொண்ணூற்று மூன்று ஜனவரியில் ஸ்தாசியோனே சென்ட்ராலே, அதாவது பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவப் பதிவோடு சேர்த்தார்கள். சேர்த்துவிட்டவர் அகஸ்ரின். மன்னார் ஆள், மூன்று வயது மூத்தவர், இத்தாலியன் நன்றாகக் கதைப்பார். முதலாளி தமிழ்ப் பெடியள் நான்கு பேரின் சம்பளத்தையும் அகஸ்ரினின் கையில்தான் கொடுப்பார். அகஸ்ரின் படிக்கட்டில் குந்தியிருந்து எண்ணிப் பிரித்துக் கொடுப்பார். சோதிலிங்கம் வாங்கியதை அன்றைக்கே கொப்பியில் எழுதிவிடுவார். அடி வாங்கிய நாளிலும் எழுதினார்.

அடி அந்தக் குசினியில் சாதாரணம். முதலாளியின் தம்பி கரண்டியால் அடிப்பான், சமையல்காரன் சட்டியால். தொண்ணூற்று நாலு ஓகஸ்ட் மாதம் ஒரு கோப்பை உடைந்ததற்காக அந்தச் சமையல்காரன் கொதிக்கிற எண்ணெயைச் சோதிலிங்கத்தின் முகத்துக்கு நேரே வீசினான். குறுக்கே விழுந்தது அகஸ்ரினின் கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கழன்று தொங்கியது. அதைச் சுற்றிக் கட்டிய துவாய் யாருடையது என்பதும் கொப்பியில் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒருவனைக் கள்ளன் என்று நினைக்க ஒரு சொல் போதுமாயிருந்தது.

தாளில் கடைசி நிரலுக்கு மேலே அந்தச் சொல் இருந்தது: றிவலுத்தாத்தா. பத்ரொனாத்தோவில், அதாவது ஓய்வூதிய விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கும் கந்தோரில், அச்சு இயந்திரத்தில் தாள் முடிந்துபோனது. முதல் பக்கம் மட்டும் வந்தது. மிச்சத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். சோதிலிங்கம் அந்த ஒரு பக்கத்தோடு வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தார். 'வலுத்தா' என்ற சொல் அவருக்குத் தெரியும். ஹோட்டல் வரவேற்பு மேசையில் அந்தக் காலத்தில் ஒட்டியிருந்த சொல் அது. வெளிநாட்டுக் காசு. ஜெர்மன்காரர் மார்க்கில் கட்டிவிட்டுப் போவார்கள். முதலாளி அதை அகஸ்ரினிடம் கொடுத்து ஸ்தாசியோனே முன்னால் இருந்த காசு மாற்றும் கடைக்கு அனுப்புவார். சோதிலிங்கம் இரண்டு தரம் கூடவே போயிருக்கிறார்.

அப்படியென்றால் கணக்கு வெளிச்சம். சம்பளமும் மார்க்கில்தான் வந்திருக்கிறது. மாற்றினால் பதினொராயிரம். கையில் தந்தது ஐயாயிரம்.

வித்தியாசம் வருடத்துக்கு வருடம் குறைந்திருந்ததையும் அவர் கவனித்தார். 6,197, 6,163, 5,912, 5,769. பயம் வந்திருக்கிறது, அதுதான் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியிருக்கிறான் என்று முடிவெடுத்தார். ஒரு சதமும் பிசகாத கூட்டல். அதனால்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"இவ்வளவு காலம் கழிச்சு இதென்ன கதை? திங்கள் மிச்சத் தாளையும் பாத்திட்டுக் கதையுங்கோவன்" என்றாள் மனைவி ஞானம்பிகை.

"தாள் என்னத்துக்கு? இலக்கம் பொய் சொல்லாது."

அகஸ்ரினின் கடை அல்பெர்கேரியாவில், சந்தைக்குத் திரும்பும் ஒழுங்கையில் இருந்தது. கருவாடு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் டின். சனிக்கிழமை என்பதால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அகஸ்ரின் கல்லாவில் இருந்தபடியே சிரித்தார்.

"வா லிங்கம். பென்சன் சரிவந்திட்டுதோ? எங்களுக்கு விருந்து எப்ப?"

"என்ரை காசு எங்கை?"

"எந்தக் காசு?"

"மார்க். நீ மாத்தின மார்க்."

அகஸ்ரின் கடையில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "மார்க்கோ? எந்தச் சோதினைக்கு? நீ பெயிலடா, சோதி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்க முன்னரே சோதிலிங்கத்தின் முட்டி அகஸ்ரினின் முகத்தில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் ஓடு உடைகிற சத்தம் போல இருந்தது. இரத்தம் கருவாட்டுப் பெட்டியில் சீறியது. அகஸ்ரின் கதிரையோடு பின்னால் சரிந்தார். சோதிலிங்கம் அவருக்கு மேலே விழுந்து, சட்டையைப் பிடித்து, தலையை நிலத்தில் இடித்தார். ஒவ்வொரு இடிக்கும் ஒரு வருடத்தைச் சொன்னார். "தொண்ணூற்றி மூண்டு. தொண்ணூற்றி நாலு. கள்ளன். முப்பது வருசம் என்ரை சோத்தைத் திண்ட கள்ளன்."

தொண்ணூற்றைந்துக்கு அவர் போகவில்லை. பின்னறையிலிருந்து அகஸ்ரினின் மகன் ஸ்ரான்லி வந்தான். முப்பத்தெட்டு வயது, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். சோதிலிங்கத்தைக் கழுத்தில் பிடித்து வெளியே இழுத்து, எதிர்க் கடைத் தக்காளிப் பெட்டிகளில் எறிந்தான். பிறகு சப்பாத்துக் காலால் விலாவில் உதைத்தான். மூன்றாவது உதைக்கு உள்ளே ஏதோ முறிந்தது சோதிலிங்கத்துக்கே கேட்டது. தக்காளிக்காரன் தன் தக்காளிக்காகச் சண்டைக்குள் வந்து இருவருக்கும் அடித்தான்.

அகஸ்ரினுக்கு மூக்கு எலும்பு முறிவு, ஆற இருபத்தைந்து நாள் என்று வைத்தியர் எழுதினார். சோதிலிங்கத்துக்கு இரண்டு விலா. ஞாயிற்றுக்கிழமை அகஸ்ரின் பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்: அடித்ததற்கு ஒன்று, ஊர் முன்னால் கள்ளன் என்றதற்கு ஒன்று.

திங்கட்கிழமை காலை சோதிலிங்கம் விலாவைக் கையால் அமத்திக்கொண்டு பொலிதேயாமாப் பக்கம் இருந்த அந்தக் கந்தோருக்குப் போனார். மிச்சத் தாள் வேண்டும். வழக்கென்றால் சாட்சியம் வேண்டும். மேசையில் நிரோசினி இருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழை இத்தாலியன் இழுவையில் கதைப்பவள். அவர் கேட்டதைக் கேட்டுவிட்டு அவள் கணினியில் அவருடைய தாளைத் திறந்தாள்.

"அங்கிள், றிவலுத்தாத்தா எண்டா மாத்தின காசில்லை. இண்டைய விலைக்கு உயர்த்திப் பாத்த காசு."

"ஆர் உயர்த்தினது?"

"கணக்கு. நீங்கள் தொண்ணூற்றி மூண்டிலை தொடங்கினதாலை, தொண்ணூற்றி மூண்டு, நாலு, அஞ்சு எண்ட மூண்டு வருசப் பங்குக்கு முழு வேலைக்காலச் சம்பளத்தையும் சராசரி எடுக்கினம். அண்டைக்கு உழைச்ச ஐயாயிரத்தையும் போன வருசம் உழைச்ச பதின்னாலாயிரத்தையும் அப்பிடியே கூட்டி வகுத்தா, பழைய வருசங்கள் சராசரியைக் கீழை இழுத்துப்போடும். அதாலை விலைவாசி ஏறின அளவும், அதோடை வருசத்துக்கு ஒரு புள்ளியும் சேத்து உயர்த்தினாப் பிறகுதான் கூட்டுவினம். தொண்ணூற்றி மூண்டுக்கு இரண்டேகால் மடங்கு. பாருங்கோ, கிட்டக் கிட்ட வரக் குறையுது. போன வருசத்துக்கு ஒண்டு. உயர்த்தேல்லை."

இரண்டாம் பக்கத்தை நீட்டினாள். அகஸ்ரின் ஹோட்டலை விட்டுப்போன வருடங்களிலும் அந்த நிரல் பெரிதாகத்தான் இருந்தது. சம்பளம் வங்கிக்கு நேரே வந்த வருடங்களிலும்.

"அப்ப அந்தப் பதினொராயிரம்?"

"ஒருத்தரும் தரேல்லை அங்கிள். ஒருத்தரும் எடுக்கவும் இல்லை. அது கணக்குக்கு மட்டும்."

"தொண்ணூற்றி ஆறுக்குப் பிறகு?"

"அது வேறை முறை. நீங்கள் கட்டின பங்கு உண்டியல் மாதிரிச் சேந்து வரும். அதுக்கு இந்தச் சராசரி தேவையில்லை. இது மூண்டு வருசத்துக்கு மட்டும், வருசத்துக்கு நூற்றுக்கு இரண்டு வீதம். சராசரி பதின்மூவாயிரத்து இருநூறு, அதிலை ஆறு வீதம். உயர்த்தாட்டி ஒன்பதாயிரத்து நூறிலை ஆறு வீதம்."

சோதிலிங்கம் அங்கேயே ஒரு தாள் வாங்கிக் கணக்குப் போட்டார். 792, வருடத்துக்குப் பதின்மூன்று ஓய்வூதியம் என்பதால் பதின்மூன்றால் வகுக்க 60.92. 546, வகுக்க 42.00. மாதம் பதினெட்டு யூரோ தொண்ணூற்றிரண்டு சதம். அரசாங்கம் அவருக்கு நல்லது செய்த தொகை. அந்த நன்மைக்காகத்தான் அவர் அகஸ்ரினின் தலையை நிலத்தில் இடித்தார். வெளியே வந்து கந்தோர்ப் படியில் குந்தினார். விலா அவரைக் குத்திக் கொன்றது.

அடுத்த மூன்று கிழமைக்குள் மூன்று தரம் தொலைபேசி எடுத்தார், அகஸ்ரின் எடுக்கவில்லை. நாலாவது தரம் ஸ்ரான்லி எடுத்தான்.

"அப்பா சொல்லுறார், கள்ளனெண்டு சொன்ன இடத்திலை, சொன்ன நேரத்திலை வந்து, ஆக்களுக்கு முன்னாலை அந்தக் கணக்கை வாசிக்கட்டாம். பிறகு முறைப்பாட்டைப் பாப்பாராம். வராட்டி நான் வாறன். மிச்ச விலாவுக்கு."

ஜூன் இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை, பத்து மணிக்குச் சோதிலிங்கம் கடை வாசலில் நின்றார். அன்று நின்றவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். மீதிப் பேர் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். ஸ்ரான்லி கையைக் கட்டிக்கொண்டு கதவை அடைத்து நின்றான். சோதிலிங்கம் கொப்பியைத் திறந்து வாசித்தார். லீரா, யூரோ, மடங்கு, பெருக்கிய தொகை. றிவலுத்தாத்தா என்றால் என்னவென்று சொன்னார்; தான் என்னவென்று நினைத்ததையும் சொன்னார்.

"காசு மாத்திறதெண்டு நினைச்சவராம்" என்று ஒரு மனிசி கருவாட்டைப் புரட்டிக்கொண்டு சொன்னாள். "நல்லவேளை, மருந்துச் சீட்டு வாசிக்கேல்லை."

"அகஸ்ரின் அண்ணை என்ரை காசிலை ஒரு லீராவும் எடுக்கேல்லை" என்று சோதிலிங்கம் முடித்தார்.

அகஸ்ரின் கல்லாவை விட்டு எழும்பினார். மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு அதற்குள்ளால் வந்தது.

"கணக்கு முடிஞ்சுதோ?"

"ஓம்."

விரித்த கையால் அறைந்தார். கண்ணாடி பறந்து மிளகாய்த்தூள் சாக்கில் விழுந்தது. சோதிலிங்கம் கையைத் தூக்கவில்லை. அகஸ்ரின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். வெள்ளையாய், சுருங்கி, மயிர் முளைக்காத தோல்.

"இது தொண்ணூற்றி நாலு. இதுக்கு உன்ரை தாளிலை எத்தினை மடங்கு போட்டிருக்கு?"

இரண்டு தசம் ஒன்று ஏழு என்று நாக்கு நுனிவரை வந்தது. சோதிலிங்கம் அதை விழுங்கினார்.

"போ" என்றார் அகஸ்ரின். "சாமான் வேணுமெண்டால் மனிசியை அனுப்பு. நீ இந்தப் படி ஏறாதை."

முறைப்பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஜூலை எட்டில் ஓய்வூதியக் கடிதம் வந்தது. தொகை ஒரு சதமும் பிசகவில்லை. ஞானம்பிகை சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். சோதிலிங்கம் அதை எடுத்து அலுமாரியில் போட்டார். அவர் காத்திருந்த கடிதம் அதுவல்ல. ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குத் தபால் பெட்டியடிக்குப் போனார். ஓகஸ்டில் தபாற்காரி விடுமுறையில் போனபோதும் போனார். முறைப்பாடு விலக்கப்படாத வரைக்கும் அகஸ்ரினின் மனதில் அவர் கள்ளன் என்று பழி போட்டவர்தான். அவ்வளவுதான் அவருக்கு விளங்கிய சட்டம்.

கடைசியில் ஒரு சட்டத்தரணியின் பதிவுக் கடிதம் வந்தது. முறைப்பாடு இரண்டும் விலக்கிக்கொள்ளப்பட்டன. ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட வர வேண்டும். அதற்குக் கீழே, இந்த விலக்கல் நட்பையோ கடைக்கு வருவதற்கான அனுமதியையோ குறிக்காது என்று கட்சிக்காரர் எழுதச் சொன்னதாக ஒரு வரி.

சோதிலிங்கம் கொப்பியில் கடிதம் வந்த நாளை மட்டும் எழுதினார், தொகை எழுதவில்லை: 2025 செப்டெம்பர் 9, செவ்வாய்க்கிழமை.