ஜன்னல் அக்கா எழுதிய பயிற்சித் தாள்கள்

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழங்குவதில்லை. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் முகம் தெரிவதால் டாக்டர் முதல் துப்புரவுக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஜன்னல் அக்கா. வாய் ஓயாதவள். மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் நேரத்துக்குள் வந்தவருடைய மகள் மாப்பிள்ளை கதை வரை கேட்டுவிடுவாள்.

அந்த வாயே வினையாக வந்தது. மூன்று மாதத்துக்கு முன் தமிழ் தெரியாத ஒரு நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். எதைக் கேட்டாலும் சிரிப்பாள் என்பதால் அவளுக்குச் சிரிப்பு என்றே பெயராகிவிட்டது. நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டர் நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"உனக்குத்தான் நாள் பூரா பேச வேணுமே. இவளுக்குத் தமிழ் சொல்லிக்குடு. மூணு மாசத்துல நோயாளிகிட்ட தனியாப் பேசணும். பேசலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, சொல்லிட்டேன்."

மதிய இடைவேளையில் மருந்து அட்டைப்பெட்டியின் மேல் தாளை வைத்து அக்கா வாக்கியங்கள் எழுதினாள். தாளுக்கு இருபது. சிரிப்பு அவற்றைக் கழிவறைக் கதவில்கூட ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தாள். நூற்று அறுபது வாக்கியம் தலைகீழாகச் சொல்வாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இத்தனைக்கும் அவை வீட்டில் சரிபார்க்கப்பட்ட தாள்கள். அக்காவின் வீட்டுக்காரர் அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துபவர். ஹோட்டல் விலைப்பட்டியலில் ஒற்று மிகாமல் இருந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. காலையில் டீ குடித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் தாளைத் திருத்துவார். டீ தீர்ந்ததும் பேனாவை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். சிவப்பு மை பட்டுவிட்டது, இனி என்ன பயம் என்று அக்கா திரும்பப் படிக்காமலே நகல் எடுத்துக் கொடுத்தாள்.

தேர்வு ஒரு புதன்கிழமை வந்தது. காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பாட்டியம்மாளின் படுக்கையருகே சிரிப்பு நின்றாள். பெரிய சிஸ்டர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

"வணக்கம். தங்களுக்கு வலிக்கிறதா?" என்றாள் சிரிப்பு.

படுத்திருந்த பாட்டியம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"இல்லீங்க."

"இரவு நன்றாக உறங்கினீர்களா?"

"தூங்கினேங்க. ஒரு குறையும் இல்லீங்க."

"தண்ணி குடிச்சீங்களா? டாக்டர் வந்தாங்க, உங்களைப் பார்த்துவிட்டுச் சென்றார்களா?"

பக்கத்துப் படுக்கையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாட்டியம்மாள் யாரைப் பார்த்துப் பேசுவதென்று தெரியாமல் பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். சிரிப்பு வழக்கம்போல் சிரித்தாள். அக்கா மனதுக்குள் தாள்களைப் புரட்டினாள். ஒரு வார்த்தையும் தவறில்லை. எல்லாமே அவள் கொடுத்த தாளில் இருப்பவை. பிறகு ஏன் எல்லாமே தப்பாகக் கேட்கிறது?

வெளியே வந்ததும் பெரிய சிஸ்டர் கேட்டார். "என்னத்த சொல்லிக்குடுத்தே? ஒரு நிமிஷம் ரேடியோ செய்தி மாதிரி பேசறா, அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி பேசறா."

"சிஸ்டர், தப்பு அவமேல இல்ல. என் தாள்ல இருக்கும்போல. எனக்கே புரியல. ரெண்டு நாள் குடுங்க."

"வெள்ளிக்கிழமை. அதோட முடிஞ்சுது."

அன்று மாலை சமையலறைத் தரையில் எட்டுத் தாளையும் பரப்பிவைத்து அக்கா முதல்முறையாகப் படித்தாள். ஒவ்வொரு தாளிலும் மேல் பாதி 'வலிக்கிறதா', 'சாப்பிட்டீர்களா', 'வருகிறேன்'. கீழ்ப் பாதி 'வலிக்குதா', 'சாப்பிட்டீங்களா', 'வர்றேன்'. நடுவில், டீ தீர்ந்த இடத்தில், இரண்டும் கட்டிப்புரண்டு கிடந்தன. அதற்காக வீட்டுக்காரர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டவும் முடியவில்லை. அவர் கைபடாத வாக்கியங்களிலும் அவளே கலந்திருந்தாள். வாய்க்கு வருவது ஒன்று. பேனாவைப் பிடித்ததும் பள்ளிக்கூடம் கைக்கு வந்துவிடுகிறது.

"என்னங்க, இதுல எது சரி?"

"மேல இருக்கிறது சரி. கீழ இருக்கிறது பேச்சு."

"அவ பேசத்தானே போறா?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "பேசுறத எழுதினா அது பிழைதானே?" என்றார், கொஞ்சம் சந்தேகத்தோடு. இரண்டு பேரும் தாளுக்குத் தாள் தாவித் தேடினார்கள். பிறந்ததிலிருந்து பேசும் மொழி திடீரென்று ஊமையாகிவிட்டது போலிருந்தது.

அக்காதான் முதலில் எழுந்தாள். தேவையான வாக்கியங்களை மட்டும் எடுத்து இரண்டு கட்டாகப் பிரித்தாள். ஒன்றின் தலையில் 'வாயால்' என்று எழுதினாள். அதில் வருவதெல்லாம் வர்றேன், வந்தாரு, வந்தாங்க, குடிச்சீங்களா. இன்னொன்றின் தலையில் 'கண்ணால்'. சுவரில் ஒட்டிய அறிவிப்பையும் நோயாளி கொண்டுவரும் கடிதத்தையும் படிப்பதற்கு: வருகிறேன், வந்தார், வந்தார்கள், குடித்தீர்களா. ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு ஒரு வாக்கியமும் தாண்டக் கூடாது. மாற்றியதைத் தானே உரக்கப் படித்துப் பார்த்தாள். 'வாயால்' தாள்களில் நாக்கு தடுக்கிய இடமெல்லாம் பழைய கைப்பழக்கம் ஒளிந்திருந்தது.

பிறகு சிவப்புப் பேனாவை வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"இந்தக் கட்டுல 'கிறது', 'கிறேன்', 'ஈர்கள்'னு எது வந்தாலும் அடிங்க. கடைசி வரி வரைக்கும் பாருங்க. டீ நான் போட்டுக்கிட்டே இருக்கேன்."

அவர் 'கேட்கிறதா' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "முப்பது வருஷத்துல சரியா இருக்கிறத இன்னிக்குத்தான் அடிக்கிறேன்," என்று சொல்லி, அடித்து, மேலே 'கேக்குதா' என்று எழுதினார். அக்கா சிரித்துவிட்டாள்.

வியாழக்கிழமை முழுக்க ஜன்னலில் ஆள் இல்லாத நேரமெல்லாம் சிரிப்பு பயிற்சி செய்தாள். பழைய வாக்கியங்கள் நாக்கை விட்டுப் போக மறுத்தன. "ஏன் அக்கா, நான் முன்னாடி சொன்னது தமிழ் இல்லையா?" என்று கேட்டாள். "தமிழ்தான்டி, ஆனா..." என்று தொடங்கிய அக்கா முடிக்கத் தெரியாமல் தண்ணீர் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை அதே படுக்கை, அதே பாட்டியம்மாள்.

"அம்மா, வலிக்குதா?" என்றாள் சிரிப்பு.

பாட்டியம்மாள் அவளைப் பார்த்தாள். எழுந்து உட்காரவில்லை. உதடு கோணியது. சிரிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குதும்மா," என்றாள். "மூணு நாளா உள்ள பிராணன் போகுது. கால்விரல் மரத்துப்போச்சு."

பெரிய சிஸ்டர் போர்வையை விலக்கினார். விரல்கள் வீங்கி நிறம் மாறியிருந்தன. டாக்டர் ஓடிவந்து மாவுக்கட்டை வெட்டினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் வேறு கதையாகியிருக்கும் என்றார்.

"ஏம்மா, புதன்கிழமையே கேட்டோமே. சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பெரிய சிஸ்டர் அதட்டினார்.

"அன்னிக்குக் கேட்டப்ப யாரோ மேலதிகாரி வந்து விசாரிக்கிறாங்கன்னு நெனச்சேன். அவங்ககிட்டப் போய் வலிக்குதுன்னா குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு பயந்துட்டேன். டாக்டரும் நாலு பேரோட வந்து கேட்டாரு, அவர்கிட்டயும் இல்லன்னுட்டேன்."

சிரிப்பின் வேலை உறுதியானது. ஜன்னலுக்கு ஓடிவந்து கம்பிக்கு வெளியே குதித்தாள். அக்காவும் சிரித்தாள், வாழ்த்தினாள், கையில் இருந்த மாத்திரையை மூன்று தடவை எண்ணியும் கணக்கு வரவில்லை. அந்த இரண்டு நாள் வலி தன் பேனாவிலிருந்து போனது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

பணி முடிந்ததும் படுக்கையருகே போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வாய் ஓயாதவள் போர்வையை மட்டும் சரிசெய்தாள்.

"நீ யாரும்மா?" என்றாள் பாட்டியம்மாள்.

"அந்த நர்ஸுப் பொண்ணுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்தவ."

பாட்டியம்மாள் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நல்லாச் சொல்லிக்குடுத்திருக்கே, மகராசி," என்றாள்.

அக்கா அங்கேயே நின்று அழுதாள்.