லோரிக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு கோடு

ஷாமினிக்குப் பதினோரு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று முப்பத்தாறு வயது. சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் கட்டிய மலிவு வீட்டில் தனியாக இருக்கிறாள். பின்னறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கைப்பேசி பழுது பார்ப்பாள். எதிராளியின் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். புறம்பேசுகிறவர்கள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசப் பழகிவிட்டார்கள்.

வீடு பெற்றவரே குடியிருக்கிறாரா என்று பார்க்க வந்த வீட்டுவசதி அலுவலகம் கதவில் இரண்டு முறை ஆளில்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் முறையும் ஆளில்லை என்றால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு. வருகை எந்த நாள்? “இரண்டு வாரத்துக்குள்” என்றது நோட்டீஸ். விண்ணப்பத்தில் செவித்திறன் இல்லை என்ற கட்டத்தில் அவள் டிக் போட்டிருந்தாள். நோட்டீஸின் கீழே பேனாவால் எழுதியிருந்தது: நான்கு முறை அழைத்தோம், எடுக்கவில்லை.

“வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துக்க வேண்டியதுதானே?” என்றார் பக்கத்து வீட்டு சுகுமாரன். மணல் லோரி ஓட்டுகிறவர்.

“ரெண்டாவது வாட்டி அப்படித்தான் உக்காந்தேன் அண்ணே. வெள்ளிக்கிழமைன்னாங்க, நான் கடைக்குப் போன செவ்வாய்க்கிழமை வந்துட்டாங்க. பதினாலு நாளும் உக்காந்தா சோத்துக்கு எங்க போறது?”

ஆகவே அதிர்வை அளக்கும் குட்டித் தகடு ஒன்றைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அது அசைவைக் கண்டால் பின்னறையில் சிவப்பு விளக்கு மின்னும். அதிர்வு இத்தனைக்கு மேல் போனால் மின்னு என்று ஓர் எல்லை வைத்தாள். முதல் நாளே நாற்பத்தொரு முறை மின்னியது. நாற்பத்தொன்றும் லோரி, அதில் ஆறு சுகுமாரனுடையது. எல்லையை உயர்த்தினாள். லோரி அடங்கியது. சுகுமாரன் கதவை விரலால் தட்டியபோதும் விளக்கு அடங்கியே இருந்தது.

“லோரிக்குப் பயந்து என்னைய வெட்டிட்டியேலா,” என்றார் அவர்.

தகடு அளந்த அதிர்வுகளைக் கைப்பேசித் திரையில் கோடுகளாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. லோரி மெல்ல ஏறி, நாலைந்து வினாடி விடாமல் உறுமி, மெல்ல இறங்கியது. தட்டல் ஊசிபோல் எழுந்து உடனே செத்தது, சிறு மௌனம், அடுத்த ஊசி. உயரம் மட்டும் பார்த்தால் பலத்த லோரி ஜெயிக்கும், மெல்லிய தட்டல் தோற்கும். எல்லையைத் தாழ்த்திவிட்டு, ஒன்றரை வினாடிக்குள் இரண்டு ஊசியாவது வரவேண்டும், நடுவே அமைதி வேண்டும், விடாத உறுமலைத் தள்ளிவிடு என்று விதி எழுதினாள். சுகுமாரனை எட்டு முறை லோரி ஓட்டவைத்தாள். விளக்கு ஒருதரமும் மின்னவில்லை.

“இப்ப ஆளு வரட்டும்லா,” என்று சிரித்தாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சன்னல் பக்கம் தற்செயலாகத் திரும்பினாள். சுகுமாரன் வெளிக் கேட்டின் பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“எவ்ளோ நேரமா ஆட்டுறேன்! விளக்கு தூங்குதா?”

ஷாமினி பூட்டையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். கேட்டைப் பூட்டிவைத்துவிட்டுக் கதவுக்குக் காவல் போட்டிருக்கிறாள். இந்த ஊரில் எவர் கதவு வரை வந்து தட்டுகிறார்? கேட்டைத்தான் உலுக்குவார்கள். கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸ்கூடக் கேட் திறந்திருந்த நாளில் வந்ததுதான். நாய்கள் நுழைந்ததால் போன வாரம்தான் பூட்டத் தொடங்கினாள்.

“பூட்டாம விட்டுரலாம்ல?”

“அந்த நாய்ங்களப் பாத்தா எந்த அதிகாரி உள்ள வருவாங்க அண்ணே? நான் தகட்டைக் கேட்டுக்கு மாத்துறேன். நீங்க லோரிய எடுங்க.”

இரண்டு வாரத்தில் மிச்சம் ஒன்றரை நாள். தகட்டைக் கழற்றிவிட்டதால் இந்த நிமிடம் வீட்டுக்குக் காதே இல்லை. பேட்டரியோடு கேட்டின் கம்பியில் கட்டினாள். லோரி கடந்த காற்றில் கேட் ஊசலாடியது. அது மெதுவான ஆட்டம், விதியில் வடிகட்டிவிட்டாள். ஆனால் தாழ்ப்பாள் கலகலத்து ஊசி ஊசியாய்ச் சீறியது, தட்டலைப்போலவே. எண்களை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். விளக்கு மின்னிக்கொண்டேயிருந்தது.

“கலகலக்குறதுக்கு எண்ணு எதுக்கு?” சுகுமாரன் லோரியிலிருந்து பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்துவந்து தாழ்ப்பாளை இறுக்கிக் கட்டினார். “தோட்டத்துல மரம் போச்சு. ரப்பரு நம்மள விடுமா?”

லோரி கடந்தது. விளக்கு அசையவில்லை. அவர் பூட்டை நிறுத்தி நிறுத்தி உலுக்கினார். மின்னியது.

மறுநாள் பதினொன்றே காலுக்கு விளக்கு மின்னியது. ஷாமினி ஓடினாள். கேட்டுக்கு வெளியே ஒரு பெண், கார்ச் சாவியால் கம்பியைத் தட்டிவிட்டு, சலிப்போடு நோட்டீஸில் பசை தடவிக்கொண்டிருந்தார். கழுத்து அட்டையில் நஸீரா என்றிருந்தது.

“ஆளு இருக்கு!” ஷாமினி தன் காதுக்கே எட்டாத குரலில் கத்தினாள்.

நஸீரா திடுக்கிட்டார். “ரெண்டே தட்டுதான்க்கா தட்டினேன். இருக்கீங்களா?”

“இருக்கேன். உள்ள வாங்க.”

நஸீரா பசையைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, கோப்பிலிருந்த ஷாமினியின் விண்ணப்பத்தின் அடியில் ஆளிருக்கிறார் என்று எழுதினார். கையெழுத்து வாங்கும்போது கேட்டார்: “ஆனா நேத்து அஞ்சு தடவை கால் பண்ணேன்க்கா. ஏன் எடுக்கல?”

ஷாமினி கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு, அதே தாளில் டிக் போட்ட கட்டத்தின் மேல் பேனா முனையால் இரண்டு முறை தட்டினாள்.