திரும்பி வந்த இரண்டு விளக்குகள்

மலேசியாவின் கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே இணையச் சந்தையில் பித்தளை விளக்கு விற்றுக்கொண்டிருந்தேன். தீபாவளி முடிந்த வாரம் பத்து விளக்குக்கான பணம் வந்தது. விளக்கு ஒன்று எண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். இரண்டை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டதால் எட்டுக்குத்தான் விலை: அறுநூற்று நாற்பது. பத்துப் பார்சலுக்கும் அனுப்பும் கூலி ஐம்பது. பொருள் திரும்பி வந்தாலும் அது போனது போனதுதான். பத்து விழுக்காடு கமிஷன் அறுபத்து நான்கையும் கழித்தால் ஐந்நூற்று இருபத்தாறு வர வேண்டும். வந்ததோ ஐந்நூற்றுப் பத்து.

அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். திரும்பி வந்த இரண்டையும் சேர்த்துப் பத்துக்கும் எண்பது வெள்ளி கமிஷன் பிடித்திருந்தார்கள். கோபம் சுர்ரென்று ஏறியது.

“பதினாறு வெள்ளிதானே, விடு லா,” என்றார் என் கணவர்.

விடுவேனா? அந்த இரண்டு ஆர்டர் எண்களையும் குறிப்பிட்டுப் புகார் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதினாறு வெள்ளியும் வந்து சேர்ந்தது. துள்ளிக் குதித்தேன். ஜெயித்த கையோடு அவரைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்துப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

பில் முப்பத்து நான்கு வெள்ளி. அவர் வாயைத் திறப்பதற்குள், “சாப்பாட்டுக்கெல்லாம் கணக்கு பாக்கக் கூடாது லா,” என்றேன்.