சிலிண்டரின் சொந்த எண்

திருப்பூர் மங்கலம் ரோட்டில் தெய்வசிகாமணியின் நிட்டிங் கம்பெனியில் மோகனவல்லிக்குக் கணக்கு எழுதும் வேலை. ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் மனுவானாலும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயிலானாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். தமிழ் மீடியத்தில் பி.காம். முடித்தவள். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் அனுப்பும் மெயில்களைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் எழுதப் பழகினாள். பேசச் சொன்னால் இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது மட்டும் ஒரு பிடிவாதம் உண்டு, தனக்குப் புரியாத வார்த்தையை அனுப்ப மாட்டாள்.

தைவானிலிருந்து புதிதாக வாங்கிய இரண்டு எந்திரங்களில் ஒன்றில் துணி கெட்டுக்கொண்டிருந்தது. ஊசிகள் செருகிய சிலிண்டரிலிருந்து உருளையாக இறங்கும் துணியில் நெடுக ஒரே இடத்தில் மெல்லிய கோடு. வெள்ளையாக இருக்கும்போது கண்ணுக்குப் படாது. நேவி ப்ளூ சாயம் ஏற்றியதும் கோடு போட்டு வைத்தமாதிரி தெரிந்தது. பையர் திருப்பி அனுப்பிவிட்டார்.

தெய்வசிகாமணியின் கோபம் ஃபிட்டர் பொங்கியண்ணன்மேல் திரும்பியது.

“ஊசி மாத்தறேன் ஊசி மாத்தறேன்னு எதையாச்சும் கொண்டு நோண்டியிருப்பே. புது மிசினு பொங்கியண்ணா! என்ற தலையெழுத்து.”

“நானுங்களா? இத்தன வருசமா என்ற கையில ஒரு சிலிண்டராச்சும் கெட்டிருக்குதுங்களா?”

“இப்பக் கெட்டிருக்குதல்லோ?”

பொங்கியண்ணன் மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுவந்து மோகனவல்லியின் மேஜையில் வைத்தார்.

“அம்மணி, வாரண்டி இருக்குதல்லோ? இத இங்கிலீசுல போட்டு அனுப்பீருங்க. நாஞ் சொன்னா மொதலாளி கேக்க மாட்டேங்கறாரு. மிசினு செஞ்சவனாச்சும் கேக்கட்டும்.”

அதற்குள் தெய்வசிகாமணியே தாளைப் படம் எடுத்து, போனிலேயே மொழிபெயர்த்துவிட்டிருந்தார். மோகனவல்லி வாங்கிப் படித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அண்ணா, ஊசிக்கோடு விழுதுங்கறத ‘இன்ஜெக்‌ஷன் லைன் கீழ விழுந்துருச்சு’ன்னு போட்டிருக்குதுங். தைவான்காரன் நம்மள ஆஸ்பத்திரின்னு நெனச்சுக்குவான்.”

“சரி, நீயே எழுது. ஊசிக்கோடுன்னு சட்டுனு ஒரு வரி போட்டு அனுப்பு.”

அவள் உடனே எழுத ஆரம்பிக்கவில்லை. வாரண்டித் தாளை எடுத்துப் பார்த்தாள். ஊசி, நூல் வளையத்தை அழுத்திப் பிடிக்கும் சிங்கர் தகடு, பெல்ட் எல்லாம் தேய்மானச் சாமான்கள், வாரண்டி கிடையாது என்று இருந்தது. ஊசிக்கோடு என்று மட்டும் எழுதினால், ஊசியை மாற்றுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். பொங்கியண்ணனின் தாளில் இருந்தது அதுவல்ல. ஊசியை மாற்றியும், சிங்கரை மாற்றியும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது. அந்த ஊசியையே சிலிண்டரில் வேறு காடியில், வேறு பள்ளத்தில் போட்டால் அங்கே கோடு விழுவதில்லை. கோளாறு ஊசியில் இல்லை, ஊசி ஏறி இறங்கும் காடியில்.

“பொங்கியண்ணா, காடிச் சுவத்துல ‘கீறு’ன்னு எழுதியிருக்கீங்க. கீறலுங்களா, விரிசலுங்களா? கீறல்னு போட்டா நாமதான் எதையோ விட்டு இழுத்துட்டோம்பாங்க.”

“விரிசல் அம்மணி. மயிரு மாதிரி ஓடுது. மேல தொட்டா வழவழன்னுதான் இருக்குது. ஊசிய விட்டா அந்தப் பக்கம் சாயுது.”

அப்படியே எழுதினாள். ஏன் விரிசல் விட்டது என்று எழுதவில்லை. அது தங்களுக்குத் தெரியாது.

அடுத்ததாக எண்களைத் தட்டச்சு செய்யும்போது கை நின்றது. எந்திர எண் SJ24-30817 சரியாக இருந்தது. ஆனால் சிலிண்டர் எண் என்று பொங்கியண்ணன் எழுதியிருந்தது 7B0416. எந்திரம் செய்த கம்பெனி கொடுத்த தாளில் அந்த எந்திரத்துக்கு நேராக இருந்ததோ 7A0388. 7B0416 பக்கத்து எந்திரத்தின் சிலிண்டராம்.

“பாரு, இதுலயே தப்பு! பேப்பர்ல இருக்கறதையே போடு, வேல முடிஞ்சுது” என்றார் தெய்வசிகாமணி.

“ஒருதடவ பாத்துட்டு வந்தர்றனுங்.”

கீழே ஷெட்டில் பஞ்சுத் தூசி பறந்தது. பொங்கியண்ணன் எந்திரத்தை நிறுத்தி, துணியை விலக்கி, டார்ச் பிடித்தார். சிலிண்டரின் அடி விளிம்பில் பொறித்த எண் எண்ணெயும் பஞ்சும் மூடிக் கிடந்தது. மோகனவல்லி அதைத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்து, விரலால் வழித்துவிட்டாள். பள்ளத்தில் வெள்ளை நின்றது. 7, B, 0416. அது B-யா, எட்டா என்று டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இடப்பக்கம் நேர்கோடு. B-யேதான். பக்கத்து எந்திரத்திலும் பார்த்தார்கள். அங்கே 7A0388.

“மாத்திப் போட்டிருக்காங்க” என்றாள்.

பொங்கியண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மிசினு மாட்டுன அன்னிக்கு கம்பெனி ஆளுதான் ரெண்டையும் எறக்கி ஏத்துனான். நான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்துட்டு நின்னேன்.”

பின்னாலேயே இறங்கி வந்த தெய்வசிகாமணி குறுக்கிட்டார். “சிலிண்டர மாத்துனது நாமன்னு சொல்லி வாரண்டிய முறிச்சுட்டான்னா? வேண்டாம் தாயி, பேப்பர் நம்பரே இருக்கட்டும்.”

“போட்டோ அனுப்பச் சொல்லுவாங்கண்ணா. அதுல வேற நம்பர் இருந்தா நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. இருக்கறத எழுதீரலாமுங். மாட்டுனது அவங்க ஆளுன்னும் எழுதீரலாம், அவரு கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்குதல்லங்.”

தெய்வசிகாமணி “என்னமோ பண்ணு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் எழுதிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “எந்திர எண் SJ24-30817. இதில் இப்போது இருக்கும் சிலிண்டரின் எண் 7B0416. உங்கள் தாளில் இந்த எந்திரத்துக்கு 7A0388 என்று உள்ளது. அந்தச் சிலிண்டர் பக்கத்து எந்திரத்தில் இருக்கிறது. உங்கள் பொறியாளர் பொருத்தியதற்குப் பிறகு நாங்கள் சிலிண்டர்களைக் கழற்றவில்லை. துணியில் நெடுகக் கோடு விழுகிறது. ஊசியும் சிங்கரும் மாற்றிய பிறகும் அதே இடத்தில் விழுகிறது. அந்த இடத்துக் காடிச் சுவரில் மெல்லிய விரிசல் தெரிகிறது. ஊசி அந்தப் பக்கம் சாய்கிறது. படங்கள் இணைப்பில்.” அனுப்புவதற்கு முன் பொங்கியண்ணனை எதிரே உட்காரவைத்து, எண்களை ஒவ்வொரு எழுத்தாகத் தாளைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். கோளாறைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். அவர் தலையாட்டிய பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

பதில் வரும்வரை அவளுக்கும் நிம்மதி இல்லை. உண்மையை எழுதி பொங்கியண்ணனுக்கு வேலை போக வழி பண்ணிவிட்டோமோ என்று வீட்டில் சாம்பாரைத் தாளிக்கும்போதுகூட நினைப்பு ஓடியது. அவரோ தினமும் எதிரே வந்து “ஏதாச்சும் வந்துச்சுங்களா?” என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போனார்.

வந்தது. மோகனவல்லி ஒருமுறை மனதுக்குள் படித்தாள். இன்னொருமுறை படித்தாள். பிறகு எழுந்து நின்று சத்தமாகத் தமிழில் சொன்னாள்.

“7B வரிசையில செஞ்ச சிலிண்டருகள்ல காடிச் சுவத்துத் தகடு சரியா உக்காராம விரிசல் விடுதாமுங். வேற எடத்துல இருந்தும் இதே புகார் வந்திருக்குதாம். 7A வரிசையில அந்தக் குத்தம் இல்லியாம். பொருத்துனப்ப மாறிப் போனது அவங்க ஆளு தப்புன்னு ஒத்துக்கறாங்க. புதுச் சிலிண்டர் அனுப்பறாங்க, மாட்டவும் அவங்க ஆளே வர்றாராம்.”

தெய்வசிகாமணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “பேப்பர் நம்பர போட்டிருந்தா?”

“7A-வுல குத்தமே இல்லைன்னு திருப்பியிருப்பாங்க.”

அவர் எழுந்து கதவுவரை போய் ஷெட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “பொங்கியண்ணா! இங்க வா.”

கை துடைத்துக்கொண்டே வந்த பொங்கியண்ணன் முகம் வெளிறியிருந்தது.

“உன்ற கை மேல தப்பில்லியாம். தைவான்காரன் சொல்லிட்டான்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான்தான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத” என்றார்.

பொங்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வேர்வைதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

புதுச் சிலிண்டர் மாட்டி, முதல் உருளைக்கு நேவி ப்ளூ சாயம் ஏற்றி, டியூப்லைட் எரியும் மேஜையில் விரித்தபோது மூவரும் குனிந்து பார்த்தார்கள். துணி சுத்தமாக இருந்தது. மோகனவல்லி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தயிர்சாதம் கொஞ்சம் புளித்திருந்தது. பொங்கியண்ணன் கடையிலிருந்து சுடச்சுடப் பருப்பு வடை வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார்.