விடை கேட்காத வெண்பா

கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுச் சாம்பிராணிப் புகை. ஆரியசாலை சத்சங்கக் கூடத்திலும் இதே வாசனைதான்.

பல வருஷம் முன்பு ஒருநாள் அக்காவுக்கு அங்கே வழியனுப்பு விழா. சாயங்கால ரயிலில் வேலைக்குப் புனே போகிறாள். சத்சங்க குருவான ஸ்வாமிக்கு நன்றியாக, தானே எழுதிய வெண்பாவைப் பாடினாள். முதலடியில் பாதவணக்கம், அடுத்து கற்ற பாடம், பிறகு தெளிந்த மனம், ஈற்றடியில் வாழ்த்து.

ஸ்வாமி அட்சதைத் தட்டைத் தொடவில்லை.

"நன்னாயிருக்கு. வாழ்த்துக்கு முன்னாடி, போய்ட்டு வரேன்னு விடை கேக்கணுமே, குழந்தே?"

"விட்டுப்போச்சு, ஸ்வாமி. இப்போ கேக்கறேன்."

"வாழ்த்திப் பாடி முடிச்சாச்சே. இனிமே எப்படித் தரது?"

அம்மா மெதுவாக, "ரயிலுக்கு நாழியாறது," என்றாள்.

"எந்த ரயில்?" என்றார் ஸ்வாமி.

கூடமே சிரித்தது. அப்பா எழுந்து போய், வாசலில் நின்ற டாக்ஸியைத் திருப்பி அனுப்பினார்.