பட்டியலில் இருந்தவை, கட்டுரையில் இல்லாதவை

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பது. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் வார இறுதி வகுப்புகளுக்காக நாங்கள் இரவல் வாங்கியிருந்த பாடசாலையின் மேல்மாடியில், பூட்டிய வகுப்பறைக் கதவில் சாய்த்து வைத்திருந்த ஒரு கறுப்புக் குடைதான் முதலில் கண்ணில் பட்டது. அதிலிருந்து வடிந்த நீர் கதவுக்கு அடியால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. குடைக்கு உரிய ஆசிரியை படிக்கட்டில், மடியில் தன் ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அவர் ஆசிரிய உதவியாளர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். நிரந்தர நியமனம் கிடைக்க எங்கள் டிப்ளோமா வேண்டும். டிப்ளோமாவுக்குக் கடைசியாக மிஞ்சியிருந்தது அந்த அறிக்கை. கோப்பிக் காலத்தைத் தோட்டப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கலாம் என்பது அவருடைய தலைப்பு. தேயிலைக்கு முன்னர் அந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது, இலைநோய் வந்து அது அழிந்தது என்பது கூடத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று முன்னுரையில் எழுதியிருந்தார்.

நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராகப் பல வருடம் இருந்துவிட்டு, ஆய்வு எழுத்து கற்பிக்க வந்தவன். அவருடைய அறிக்கைக்கு முதல் புள்ளி போட்டது நான். சித்தி, அதாவது தேர்ச்சி, கொடுத்திருந்தேன். இரண்டாவதாகத் திருத்தியவர் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். அவர் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "மேற்கோள் பட்டியல் என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றில் பாதிக்கு மேல் கட்டுரைக்குள் எங்கும் இல்லை. வாசிக்காதவற்றை வாசித்ததாகக் காட்டியிருக்கிறார். ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்புக." குழு திங்கட்கிழமை கூடவிருந்தது. குற்றம் உறுதியானால் அவருடைய பதிவு ரத்தாகும்.

"ரெண்டாவதா திருத்துனவரு இன்னைக்கி வருவாரா சார்?" என்று ஆசிரியை கேட்டார்.

"பத்தரைக்கு வருவார். உள்ளே வந்து உட்காருங்கள்."

அன்று புதிய பிரிவினருக்கு நான் எடுக்க வேண்டியிருந்த பாடமும் இதேதான். இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் தலையாட்டுகிறார்கள். பிறகு போன வருடத்து அக்காவின் அறிக்கையைப் பிரதி எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறார்கள்.

கரும்பலகையில் மூன்று நிரல் கீறினேன். பத்திரிகை உதாரணம்தான் எனக்கு வரும். ஒரு மண்சரிவைப் பற்றி எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பொலிஸ் அதிகாரி சொன்னதையும் பஸ் சாரதி சொன்னதையும் செய்திக்குள் எழுதுகிறேன். இன்னார் சொன்னார் என்று அந்த இடத்திலேயே காட்டுகிறேன். அந்த இரண்டு பேர் மட்டும் முதலாவது நிரல். அதுதான் மேற்கோள் பட்டியல். செய்திக்குள் காட்டிய ஒவ்வொருவரும் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் செய்திக்குள் இருக்க வேண்டும். கடைக்காரர் ஒருவரிடமும் பேசினேன். இடத்தை விளங்கிக்கொள்ள உதவினார். அவர் சொன்ன எதையும் எழுதவில்லை. இரண்டாவது நிரலில் முந்திய இருவரோடு அவரும் வருவார். அது நூற்பட்டியல், பயன்படுத்தியதும் பார்த்ததும் சேர்ந்தது. மூன்றாவது, மண்சரிவைப் பற்றி இன்னும் அறிய விரும்பும் வாசகருக்கு நான் சொல்லும் புத்தகங்கள். அவற்றை வைத்து நான் எழுதியிருக்கத் தேவையில்லை. முதல் இரண்டும் என் வேலையைப் பற்றியவை. மூன்றாவது வாசகருக்கு. அதற்குப் பெயர் மேலதிக வாசிப்பு. வேறு துறைகளில், வேறு வழிகாட்டிகளில் இந்தப் பெயர்களை வேறுமாதிரிப் பாவிப்பார்கள். நமக்கு நம்முடைய கைநூல்தான்.

தலையாட்டினார்கள். அலவத்துகொடவிலிருந்து வரும் இளம் ஆசிரியர் ஒருவர் முன்வரிசையிலிருந்து எழும்பினார்.

"சேர், எங்கட கலியாண வீட்டுப் புரியாணி மாதிரி. சட்டிக்குள்ள போட்ட சாமான் முதலாவது லிஸ்ட். கடையில எடுத்து மணந்து பாத்துட்டு, போடாம வெச்சது ரெண்டாவது."

"போட்டதும் ரெண்டாவதில் இருக்க வேண்டும்."

"ஆ, ரெண்டும் சேத்து. மூணாவது, பக்கத்து வீட்டு மாமிட வட்டிலாப்பம். என்ட சமையலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா போய்த் திண்டு பாருங்கண்டு சொல்றன்."

வகுப்பு சிரித்தது. பின்னால் இருந்த ஒருவர், "மாமி மகள் வீட்ல இருக்காவா?" என்று கேட்டார். சிரிப்பு கூடியது. அது அடங்கியபோது கடைசிக் கதிரையிலிருந்து தெல்தோட்டை ஆசிரியையின் குரல் வந்தது.

"நீங்க அந்த வட்டிலாப்பத்த சாப்பிடாம, நல்லாருக்குன்னு சொல்லலாமா தம்பி?"

"ஏலா டீச்சர். அது பொய்தானே."

ஆசிரியை குனிந்து தன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு தலையாட்டவில்லை.

வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்துவிட்டு, பத்தரைக்கு அவரை அழைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்தவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. மூன்று நாளாக இதே வேலை என்பது அவருடைய கண்களில் தெரிந்தது.

"இருங்கோ டீச்சர். நான் ஒவ்வொண்டாப் பாத்தனான். இதுகளை எல்லாம் நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"கூடுதலானத படிச்சேன் சார்."

"கூடுதலானது எண்டால்?"

ஆசிரியை விரலால் பட்டியலில் இறங்கினார். இது படித்தது, கட்டுரையிலும் இருக்கிறது. இது படித்தது, கட்டுரையில் இல்லை. இதுவும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று விரிவுரையாளர் கேட்டார். அவர் சொன்னார். இலைநோய் வந்த விதம், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்து வந்த பாதை, கோப்பி காயவைத்த முற்றங்கள். தடுமாறவில்லை.

"இதுகளுக்கு நூற்பட்டியல் எண்டு தலைப்புப் போட்டிருந்தால் எனக்கொரு சண்டையுமில்லை," என்றார் விரிவுரையாளர் என்னைப் பார்த்து. "மேற்கோள் பட்டியல் எண்டு போட்டால், உள்ளுக்கை தேடுவன். தேடினால் இல்லை."

"போன வருசத்து ரிப்போட்ல அப்படித்தான் சார் இருந்திச்சி."

"போன வருசத்து ரிப்போட்டையும் நான்தான் திருத்தினனான். அதிலும் எழுதினனான். ஒருத்தரும் வாசிக்கேல்லை."

விரல் பட்டியலின் அடிக்கு வந்து நின்றது. சிங்களத்தில் ஒரு தடித்த நூல். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இன்னொன்று.

"இது ரெண்டும்?"

"படிக்கல சார். சிங்களம் எனக்குப் பேச வரும், படிக்க வராது. லைப்ரரில இருக்கிற சிங்கள நோனா எனக்காகத் தேடித் தேடி எடுத்துக் குடுத்தாங்க. இங்கிலீஷ் பொத்தகம் எங்க பழைய பிரின்சிபலோடது. பேரப் போடலேன்னா மொகத்துல முழிக்க ஏலாது."

நான் இதைப் பல அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் மாணவர்களிடம் புத்தகம் இல்லை. எல்லாம் இரவல். இரவல் கொடுத்தவருக்கு மரியாதை செய்ய இருக்கும் ஒரே இடம் கடைசிப் பக்கம் என்று நினைக்கிறார்கள். கலியாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலைத் தட்டு நீட்டுவது போல எல்லாப் பெயரையும் நீட்டிவிடுகிறார்கள்.

"அதுக்கு முன்பக்கத்திலை நன்றியுரை எண்டு ஒண்டு இருக்கு," என்றார் விரிவுரையாளர். "நோனாவை அங்கை போடுங்கோ. பிரின்சிபலையும் போடுங்கோ. வாசிக்காத புத்தகத்துக்கு இங்கை இடமில்லை."

"மேலதிக வாசிப்பு என்று போட்டால்?" என்று நான் கேட்கவிருந்தேன். அதற்குள் ஆசிரியையே சொன்னார்: "மேலதிக வாசிப்புலயும் போட ஏலாது சார். நான் சாப்பிடல."

விரிவுரையாளருக்கு அது விளங்கவில்லை. வட்டிலாப்பக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவால் இரண்டு பெயரையும் வெட்டினார்.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தார். கோப்பிப் பழம் பறித்த பெண்களைப் பற்றிய ஒரு பந்தியில் பென்சில் கோடு இருந்தது.

"இது உங்கடை நடையில்லை. எங்கையிருந்து வந்தது?"

"எங்க கோயில் கும்பாபிஷேக மலர்லருந்து சார்."

"அப்ப ஏன் பேர் போடேல்லை?"

"போட்டிருக்கேனே சார்." அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கோயில் மலர் பட்டியலில் இருந்தது. ஆசிரியர், வருடம், பக்கம், எல்லாம் சரியாக இருந்தன.

"கடைசியிலை போட்டால் போதுமோ? பந்திக்குள்ளை?"

"கடைசில போட்டா எல்லாத்துக்கும் சேந்து போட்ட மாதிரின்னு நெனச்சேன்."

கட்டுரையில் எங்கும் காட்டப்படாததால் அந்த மலரையும் பயன்படுத்தாதவற்றோடு சேர்த்து விரிவுரையாளர் எண்ணியிருந்தார். உண்மையில் அதைத்தான் ஆசிரியை அதிகம் பயன்படுத்தியிருந்தார். பட்டியலில் வேண்டாதவை நிறைய இருந்தன, வேண்டிய ஒன்றுக்குக் கட்டுரைக்குள் இடம் இல்லை. முதலாவது குற்றச்சாட்டு கரைந்துகொண்டிருந்த நேரத்தில் அதைவிடப் பெரியது வந்துவிட்டது. அடுத்தவர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுப்பது எங்கள் கைநூலில் தனிப் பிரிவு. நான் அந்தப் பந்தியை வாசித்துத்தான் சித்தி போட்டிருந்தேன்.

ஆசிரியையின் கைகள் மடியில் இருந்தன. "திங்கக்கெழம நான் வரணுமா சார்?" என்றார்.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார்.

"களவெடுக்கிற ஆள் எடுத்த இடத்தைக் கடைசிப் பக்கத்திலை எழுதி வைக்காது," என்றார் என்னிடம். பிறகு அவரிடம்: "வரத் தேவையில்லை. நான் எழுதினதை மாத்திறன். ஆனால் இதை இப்படியே விடமாட்டன். அந்தப் பந்திக்கு மேற்கோள் குறி போட்டு, ஆர் எழுதினது, எத்தினையாம் பக்கம் எண்டு அதிலையே காட்டுங்கோ. கட்டுரையிலை காட்டினதை மாத்திரம் மேற்கோள் பட்டியலிலை விடுங்கோ. மற்றதுகளையும் காட்ட ஆசையெண்டால் தலைப்பை நூற்பட்டியல் எண்டு மாத்துங்கோ. ரெண்டிலை ஒண்டு. கலக்கக் கூடாது."

"சரிங்க சார்."

"எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் உழைஞ்சு போச்சு, டீச்சர்."

"எனக்கு இன்னைக்கித்தான் சார் ஒருத்தர் சொன்னாங்க," என்றார் அவர்.

அது சரியல்ல. போன வருடம் இதே அறைக்குப் பக்கத்தில் நான் சொல்லியிருந்தேன், அவர் வரவுப் பதிவிலும் இருந்தார். விரிவுரையாளர் சிவப்பு மையால் எழுதியதை வெட்டி, "மீள்சமர்ப்பிப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வகுப்புக்குத் திரும்பியபோது பயிற்சித் தாள்கள் மேசையில் இருந்தன. மூன்று வகைப் பட்டியலையும் தனித்தனியே எழுதச் சொல்லியிருந்தேன். மேலே இருந்த தாளில் ஒரே பட்டியல்தான் இருந்தது. தலைப்பு "உசாத்துணை நூல்கள்". நாங்கள் எல்லோரும் பாடசாலையில் பழகிய தலைப்பு அது. அலவத்துகொடக்காரர் மட்டும் மூன்றாகப் பிரித்திருந்தார். ஆனால் அவருடைய இரண்டாவது பட்டியலில் முதலாவதில் இருந்தவை இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். மழை விட்டிருந்தது. கீழே பாலத்தில் கண்டிக்குப் போகும் பஸ்கள் நகராமல் நின்றன.

தெல்தோட்டை ஆசிரியை குடையை மறந்து போயிருந்தார். அடுத்த சனிக்கிழமை திருத்திய அறிக்கையோடு வந்து அதை எடுத்துக்கொண்டார். நன்றியுரையில் நூலக நோனாவும் பழைய அதிபரும் அடுத்தடுத்து இருந்தார்கள். கோயில் மலரின் பெயரும் பக்கமும் அந்தப் பந்திக்குள்ளேயே இருந்தன. கடைசிப் பக்கத்தின் தலைப்பு நூற்பட்டியல் என்று மாறியிருந்தது.

மீள்சமர்ப்பிப்புக்கு நாற்பது புள்ளிக்கு மேல் கொடுப்பதில்லை. சித்திக்கு நாற்பது வேண்டும். அவருக்கு நாற்பது கிடைத்தது.